மீதிப் பதிலையும் சொல்லுங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வங்கிக் கிளைகளில் கவுண்டரில் அமர்ந்து வேலை பார்க்கும் எழுத்தர்கள் அனைவருக்கும்,

உங்கள் கவுண்டரில் 2025-ம் ஆண்டு முழுக்க ஓர் உரையாடல் திரும்பத் திரும்ப நடந்திருக்கும். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்து, கச்சிராயப்பாளையம் வழியாக இறங்கி வந்த 62 வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மரவள்ளியும் மக்காச்சோளமும் விற்றுச் சேர்த்த 5 லட்சம் ரூபாய்க்கான டெபாசிட் ரசீதை, பிளாஸ்டிக் உறையோடு கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளுகிறார். “போன தடவை ஏழே முக்கால் போட்டுக் குடுத்தீங்களே சார், இப்ப ஏழு கூட வரலைங்கிறீங்க?” என்று கேட்கிறார். “ரிசர்வ் பேங்க் வட்டியைக் குறைச்சிட்டாங்க ஐயா. மேலிருந்து வர்றது, எங்க கையில எதுவும் இல்ல” என்கிறீர்கள். “அவங்க குறைச்சா என் பணத்துக்கு ஏன் சார் குறையணும்? என் பணத்தை நான் அவங்ககிட்டயா குடுத்தேன்?” என்று அவர் மறுபடி கேட்கும்போது, பின்னால் நிற்பவர் செலானை நீட்டிவிடுகிறார். பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகிறார். அவருடைய இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நீங்கள் சொன்னது பொய்யல்ல. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி 7-ல் ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25-க்குக் குறைத்தது. ஏப்ரல் 9-ல் 6.00, ஜூன் 6-ல் ஒரே இறக்கமாக 5.50, டிசம்பர் 5-ல் 5.25 என்று அந்த ஓராண்டில் மொத்தம் 1.25 சதவீதம் இறங்கியது. ஆனால் ரெப்போ என்பது, வங்கிகள் அரசுப் பத்திரத்தை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி. பெரியவரின் எஃப்.டி.க்கு என்ன வட்டி என்று ரிசர்வ் வங்கி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரு காலத்தில் எழுதி வைத்தது. கால வைப்புகளுக்கான வட்டியை அந்தந்த வங்கியே முடிவு செய்துகொள்ளலாம் என்று 1997 அக்டோபரில் விட்டுவிட்டது. சேமிப்புக் கணக்கு வட்டியையும் 2011 அக்டோபரில் விட்டுவிட்டது. எனவே உங்கள் கிளைச் சுவரில் ஒட்டியிருக்கும் வட்டிப் பட்டியல் உங்கள் வங்கியின் தலைமை அலுவலகம் எடுத்த முடிவு. கவுண்டரில் இருக்கும் உங்கள் கையில் அது இல்லை என்பது உண்மை. வங்கியின் கையில் இருக்கிறது என்பதும் உண்மை. பெரியவர் காதில் முதல் பாதி மட்டுமே விழுகிறது. அதனால் எல்லா வங்கியிலும் இதே கதைதான், இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு போகிறார்.

அப்படியானால் வங்கி ஏன் குறைக்கிறது? காரணம் டெபாசிட் பக்கத்தில் இல்லை, கடன் பக்கத்தில் இருக்கிறது. வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதவை வட்டி வீட்டுக் கடன், தனிநபர் கடன், சிறு தொழில் கடன் ஆகியவற்றின் வட்டியை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டிவிட வேண்டும் என்று 2019 அக்டோபர் 1 முதல் விதி வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திருத்தியாக வேண்டும். இந்த விதிக்கு முன்னால் ரெப்போ இறங்கினாலும் வங்கிகள் கடன் வட்டியை இறக்காமல் காலம் கடத்தின. அதைத் தடுக்கத்தான் இந்தக் கயிறு. பாரத ஸ்டேட் வங்கியை எடுத்துக்கொள்வோம், அதன் விகிதங்கள் ஊரறிந்தவை. அதன் வெளி அளவுகோல் கடன் விகிதம் 2025 தொடக்கத்தில் 9.15 சதவீதம். ஆண்டு முடிவில் 7.90. ரெப்போ இறங்கிய 1.25 அப்படியே, ஒரு பைசா மிச்சமில்லாமல் இறங்கியது. கள்ளக்குறிச்சியில் 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் பாக்கி வைத்திருப்பவருக்கு இதனால் ஆண்டு வட்டியில் ஏறக்குறைய 25,000 ரூபாய் குறையும். அவர் புதிதாகக் கடன் வாங்க வேண்டியதில்லை, பழைய கடனுக்கே குறையும்.

டெபாசிட்டுக்கு அந்தக் கயிறு இல்லை. அது ஒப்பந்தம். 2024-ல் 7.75 என்று ரசீதில் அச்சடித்துக் கொடுத்தால் முதிர்வு நாள் வரை 7.75-ஐ வங்கி கொடுத்தே ஆக வேண்டும். ஆக, ரெப்போ இறங்கிய சில வாரங்களில் வங்கிக்கு வரும் வட்டி குறைந்துவிடுகிறது, கொடுக்க வேண்டிய வட்டியோ பழைய ரசீதுகளில் உறைந்து கிடக்கிறது. ரிசர்வ் வங்கியே வெளியிட்ட கணக்கு இதைக் காட்டுகிறது. 2025 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ரெப்போ 1 சதவீதம் இறங்கியிருந்தபோது, புதிதாக வந்த டெபாசிட்டுகளின் சராசரி வட்டி 1.05 சதவீதம் இறங்கியிருந்தது. ஏற்கெனவே வங்கியில் கிடந்த டெபாசிட்டுகள் எல்லாவற்றின் சராசரியும் 0.32 மட்டுமே இறங்கியிருந்தது. வங்கி கை வைக்க முடிகிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று, இன்று புதிதாகப் போடுகிற அல்லது புதுப்பிக்கிற எஃப்.டி. மற்றொன்று, ஒப்பந்தக் காலம் எதுவும் இல்லாத சேமிப்புக் கணக்கு. பழைய ரசீதுகளில் குறைக்க முடியாததையும் சேர்த்து இந்த இரண்டின் மேல்தான் சுமை இறங்குகிறது. உங்கள் பெரியவர் ரசீது முதிர்ந்து வந்து நிற்கும் நாள், வங்கி அவருடைய பணத்துக்கு மறுவிலை பேச முடிகிற முதல் நாள். “உங்க கிட்ட வாங்கின பணத்தைத்தான் ஐயா நாங்க கடனா குடுக்கறோம். அந்தக் கடனுக்கு வர்ற வட்டி குறைஞ்சிடுச்சு. அதனால புது ரசீதுக்குக் குறைச்சிட்டாங்க” என்று சொன்னால் அவருடைய இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நான்கு வாக்கியம் கூட இல்லை.

இதை வைத்து, ரெப்போ குறைந்தால் எஃப்.டி. வட்டியும் அதே அளவு குறைந்தே தீரும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அதே பாரத ஸ்டேட் வங்கியில் பொதுமக்களுக்கான 444 நாள் சிறப்புத் திட்டம் 7.25-ல் தொடங்கி ஏப்ரலில் 7.05, மே மாதம் 6.85, ஜூனில் 6.60, டிசம்பரில் 6.45 என்று இறங்கியது. ஆக 0.80 சதவீதம். ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள்ளான சாதாரண டெபாசிட் 6.80-லிருந்து 6.25-க்கு வந்தது. அது 0.55 மட்டுமே. இதில் டிசம்பரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரெப்போ கால் சதவீதம் இறங்கியது. கடன் விகிதமும் கால் சதவீதம் இறங்கியது. ஆனால் ஓராண்டு டெபாசிட்டின் வட்டி நகரவே இல்லை, இரண்டு முதல் மூன்றாண்டு டெபாசிட் 6.45-லிருந்து 6.40-க்கு மட்டும் இறங்கியது. மேலிருந்து வரும் உத்தரவு என்றால் இப்படி நடக்குமா? ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போவோடு இன்னொன்றையும் குறைப்பதாக அறிவித்தது. மக்கள் போடும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் வங்கிகள் 4 ரூபாயை வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியிடம் கட்டி வைக்க வேண்டும் என்றிருந்த ரொக்க இருப்பு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு தவணையில் 3 ரூபாயாகும் என்றது. கைக்குப் பணம் வரப்போகிறது என்று தெரிந்தால் டெபாசிட்டுக்கு அதிகம் கொடுக்க வங்கிக்குத் தேவையில்லை. ஆண்டுக் கடைசியில் நிலைமை வேறு. கடன் வளர்ந்த வேகத்துக்கு டெபாசிட் வளரவில்லை. அந்த நேரத்தில் வட்டியை இன்னும் இறக்கினால் டெபாசிட்காரர்கள் தங்கத்துக்கும் பரஸ்பர நிதிக்கும் போய்விடுவார்கள் என்ற கவலை வங்கிகளுக்கு இருந்தது. எனவே ரெப்போ வட்டி திசையைக் காட்டுகிறது. எவ்வளவு தூரம் போவது என்பதைத் தனக்கு டெபாசிட் எவ்வளவு அவசரம் என்று பார்த்து ஒவ்வொரு வங்கியும் முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே கடைத்தெருவில் இருக்கும் இரண்டு வங்கிகளில் ஒரே நாளில் இரண்டு விகிதம் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கடன் வட்டி குறைய வேண்டும் என்றால் டெபாசிட் வட்டி குறைந்துதானே ஆக வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தானே வங்கி நடக்கிறது, வங்கி நலிந்தால் டெபாசிட்டுக்கே ஆபத்தல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். குறைத்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இரண்டு திசையிலும் ஒன்றாக ஓடியிருந்தால் இந்த வாதம் முழுதாக நிற்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00-லிருந்து 6.50 வரை ஏறியது, அதாவது 2.50 சதவீதம். கடன்களின் வட்டி கயிற்றில் கட்டியபடி உடனே ஏறியது. பாரத ஸ்டேட் வங்கியின் ஓராண்டு எஃப்.டி. 5.10-லிருந்து 6.80 வரைதான் ஏறியது, அதுவும் பெரும்பகுதி கடைசி சில மாதங்களில். சேமிப்புக் கணக்கு வட்டியோ 2.70-லேயே நின்றது. 10 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பு வைத்திருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த ஏற்றத்தில் ஒரு பைசா கூடவில்லை. பிறகு ரெப்போ இறங்கியபோது, 2025 ஜூனில், அதே 2.70 வட்டி 2.50 ஆனது. ஏற்றத்தில் பங்கு கிடைக்காத பணம் இறக்கத்தில் பங்கு சுமந்தது. கச்சிராயப்பாளையத்திலோ மூங்கில்துறைப்பட்டிலோ கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவரின் கிரயப் பணம் வந்து விழுவதும் அந்தச் சேமிப்புக் கணக்கில்தான். அது அடுத்த நடவு வரை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. அதை எழுத்தரான நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பணத்தை 91 நாளுக்கோ ஆறு மாதத்துக்கோ எஃப்.டி.யில் போட்டு வைக்கலாம் என்ற ஒரு வார்த்தையை நீங்கள் சொல்ல முடியும்.

கல்வராயன் மலைக்கு இந்தக் கணக்கில் இன்னொரு கோணல் இருக்கிறது. பட்டணங்களில் பேசும்போது, டெபாசிட்டில் இழந்ததைக் கடனில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். ஒரு குடும்பத்தில் அப்பா எஃப்.டி. வைத்திருப்பார், மகன் வீட்டுக் கடன் கட்டுவார், ஒன்றுக்கு ஒன்று ஈடாகும். மலையில் அது பெரும்பாலும் ஈடாவதில்லை. அங்கே வாங்கும் கடன் பயிர்க் கடன். கிசான் கார்டில் வாங்கினால் வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் மானியம் போக 4. தமிழ்நாட்டின் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி உரிய காலத்தில் கட்டினால் வட்டியே கிடையாது. ரெப்போ 6.50 ஆக இருந்தபோதும் இதே விகிதம்தான், 5.25 ஆனபோதும் இதேதான். இது அரசின் சலுகை, நல்ல சலுகை. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரெப்போ குறைப்பின் பலன் அந்த வழியாக மலை ஏறாது. தனியாரிடம் வாங்கும் கைமாற்றுக்கு ரெப்போ என்ற பேரே தெரியாது. எனவே வெள்ளிமலைக்காரருக்கு வந்து சேர்வது குறைப்பின் ஒரு பக்கம் மட்டுமே, அதாவது எஃப்.டி.யில் குறைவது. “எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் ஐயா” என்று அவரிடம் சொல்லும் முன் இதை நினைவில் வையுங்கள்.

விலைவாசி குறைந்துவிட்டதே, அதனால் குறைந்த வட்டியிலும் அவருக்கு நஷ்டமில்லை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி குறைத்ததற்கே காரணம் அதுதான். சில்லறை விலை உயர்வு 2025 ஜனவரியில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது, அக்டோபரில் கால் சதவீதத்துக்கு வந்துவிட்டது. 7.75 வட்டியில் 4 போனால் மிஞ்சுவது 3.75. 6.95-ல் கால் போனால் மிஞ்சுவது 6.70. காகிதத்தில் பெரியவர் முன்பைவிட நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த விலை வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் காய்கறி, பருப்பு போன்ற உணவுப் பொருள்களின் விலை சரிந்தது. விளைவிப்பவருக்கு அது இரண்டு பக்கமும் வெட்டும். மேலும் அவர் எஃப்.டி. வைத்திருப்பது அரிசி வாங்குவதற்காக அல்ல. சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ ஆஸ்பத்திரிக்குப் போக, பேத்தியின் கல்லூரிக் கட்டணம் கட்ட, நகை எடுக்க. தங்கம் அந்த ஆண்டு எங்கே போனது என்பதை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சராசரிக் குறியீட்டில் அவருக்கு லாபம் என்று சொல்வது சரியாக இருக்கலாம், அவருடைய செலவுப் பட்டியலில் அது சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே இந்த வாதத்தை அவர் வாயை அடைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இனி அவருடைய ரசீதையே கையில் எடுத்துப் பார்ப்போம். அது பாரத ஸ்டேட் வங்கி ரசீது என்றே வைத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 1-ல் 5 லட்சம், 444 நாள், மூத்த குடிமக்களுக்கான அரை சதவீதம் சேர்த்து 7.75. முதிர்ந்த நாள் 2025 டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டியோடு வட்டி சேர்ந்து, அவருக்கு வட்டியாக ஏறக்குறைய 48,900 ரூபாய் வந்திருக்கும். அசலை மட்டும் அதே 444 நாளுக்கு மறுபடி போட்டால் விகிதம் 6.95, வட்டி ஏறக்குறைய 43,700. வித்தியாசம் 5,200 ரூபாய், மாதத்துக்கு 350 ரூபாய் சொச்சம். தொகையைச் சொல்லிவிட்டால் அவர் பயம் பாதியாகக் குறையும். “ஏழே முக்காலிலிருந்து இறங்கிடுச்சு” என்று கேட்கும்போது எவ்வளவு போனது என்று தெரியாமல்தான் மனம் பதைக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதிராத ரசீது வேறு இருந்தால் அதில் ஒரு பைசாவும் குறையாது. வட்டி குறைகிறது என்ற செய்தி கேட்டுப் பயந்து, 7.75-ல் ஓடிக்கொண்டிருக்கும் ரசீதை நடுவில் உடைப்பவர்கள் உண்டு. உடைத்தால், பணம் கிடந்த நாள்களுக்கு உரிய குறைந்த விகிதம்தான் கிடைக்கும். அதிலும் 5 லட்சம் வரை அரை சதவீதமும் அதற்கு மேல் 1 சதவீதமும் அபராதமாகப் பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. நல்ல ரசீதைக் கிழித்துவிட்டு, அந்தப் பணத்தைப் புதிய குறைந்த விகிதத்தில் போட வேண்டியதாகிவிடும். ஒருவர் அவசரத்துக்கு உடைக்க வந்தால், ரசீதின் மேலேயே கடன் வாங்கலாம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான பேச்சு 2024-லேயே நடந்திருக்க வேண்டும். அப்போது சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை நினைவுபடுத்திப் பாருங்கள். 444 நாளுக்கு 7.25. இரண்டு முதல் மூன்றாண்டுக்கு 7.00. ஐந்து முதல் பத்தாண்டுக்கு 6.50. வழக்கமாக, பணத்தை அதிக நாள் பூட்டி வைப்பவருக்குத்தான் அதிக வட்டி தர வேண்டும். பட்டியல் தலைகீழாக இருந்தால் அதில் ஒரு செய்தி இருக்கிறது: வட்டி இறங்கப் போகிறது, இன்றைய உயர்ந்த விகிதத்தில் நீண்ட காலத்துக்கு மாட்டிக்கொள்ள விருப்பமில்லை என்று வங்கி எண்ணுகிறது. பெரியவர் அன்று பெரிய எண்ணைப் பார்த்து 444 நாளைத் தேர்ந்தார். கால் சதவீதம் விட்டுக்கொடுத்து மூன்றாண்டுக்கு ஒரு நாள் குறைவாகப் போட்டிருந்தால், மூத்த குடிமக்கள் விகிதம் 7.50 என்று 2027 செப்டம்பர் வரை அவருக்கு உறுதியாகியிருக்கும். இப்போது முதல் 444 நாளுக்கு 7.75, அடுத்த 444 நாளுக்கு 6.95. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 7.35. வட்டி ஏறியிருந்தால் கதை மாறியிருக்கும், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாளை என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் முழுத் தொகையையும் ஒரே ரசீதில் போடாமல், 5 லட்சத்தை மூன்றாகப் பிரித்து, ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று போடச் சொல்வது நல்ல வழி. ஆண்டுக்கு ஒரு ரசீது முதிரும், எந்த ஒரு நாளின் விகிதத்திலும் எல்லாப் பணமும் போய் விழாது. அவசரத்துக்கு உடைத்தாலும் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைக் கேட்காமலேயே டிக் அடித்துவிடும் பழக்கம் இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது. முதிர்வு நாளின் விகிதம் எதுவோ அதில், அதே காலத்துக்குப் பணம் போய் உட்கார்ந்துவிடும். மலையிலிருப்பவர் அதை அடுத்த தடவை பாஸ்புக் பதியும்போதுதான் அறிவார். குறுஞ்செய்தி வந்திருக்கும், பேத்தியின் போனில்.

அடுத்து, நீங்கள் சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். 60 வயது கடந்தவருக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வட்டி 8.2 சதவீதம், ஐந்தாண்டுக்கு உறுதி, அதிகபட்சம் 30 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கையில் வரும். நம் பெரியவரின் 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 10,250 ரூபாய், ஆண்டுக்கு 41,000. உங்கள் 6.95-ல் ஆண்டுக்கு 34,750. அஞ்சலகச் சேமிப்பு விகிதங்களை ஒன்றிய நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிவிக்கிறது. 2025-ல் ரெப்போ நான்கு தடவை இறங்கியபோதும் அமைச்சகம் அவற்றைத் தொடவில்லை. முதலாண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் மூடினால் ஒன்றரை சதவீதமும், அதற்குப் பின் ஒரு சதவீதமும் அசலில் பிடிப்பார்கள் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவசரப் பணத்தை அங்கே போடக் கூடாது. பல வங்கிக் கிளைகளிலேயே இந்தக் கணக்கைத் தொடங்கலாம். “எங்கள் கிளைக்கு டெபாசிட் இலக்கு இருக்கிறது, வந்த பணத்தை வேறு திட்டத்துக்கு அனுப்பினால் மேலாளர் என்ன சொல்வார்” என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. அந்த அழுத்தம் நிஜம். ஆனால் பத்து ஆண்டாக உங்கள் கிளையில் பணம் போடும் ஒருவர், தன் மகன் வழியாகவோ பக்கத்து வீட்டுக்காரர் வழியாகவோ இதைக் கேள்விப்படத்தான் போகிறார். அன்று அவர் முழுப் பணத்தையும் எடுக்க வருவார். நீங்கள் சொல்லியிருந்தால் 3 லட்சத்தை அங்கே மாற்றிவிட்டு 2 லட்சத்தை உங்களிடமே வைத்திருப்பார்.

சில சிறு நிதி வங்கிகள் உங்களைவிட அதிகம் தருகின்றன என்பதை அவர் கேட்டால், அதற்கும் நேரான பதில் உண்டு. அங்கேயும் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. சேர்த்து என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். 5 லட்சத்தை முழுதாகப் போட்டால் முதல் வட்டி சேர்ந்த நாளிலேயே வரம்பைத் தாண்டிவிடும். 4 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது இதையெல்லாம் பேச நேரமேது என்பது உங்கள் கடைசி மறுப்பாக இருக்கும். சந்தை நாளில் கள்ளக்குறிச்சிக் கிளைகளில் நிற்கும் கூட்டத்தை அறிந்தவர் யாரும் இதை லேசாகத் தள்ள மாட்டார்கள். ஆள் பற்றாக்குறை உங்கள் குற்றமல்ல. ஆனால் வாய்ப் பேச்சுக்கு நேரமில்லையென்றால் ஒரு தாள் போதும். வட்டிப் பட்டியல் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: பழைய ரசீதுக்கு வட்டி மாறாது, புதிய ரசீதுக்கு இன்றைய விகிதம், 1 லட்சத்துக்கு ஆண்டுக்கு இத்தனை ரூபாய், தானாகப் புதுப்பிக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள். சதவீதத்துக்குப் பதில் ரூபாயில் எழுதினாலே பாதிக் கேள்வி குறையும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. ரெப்போ 4 சதவீதத்தில் கிடந்து, ஓராண்டு எஃப்.டி. 5 சதவீதத்தை ஒட்டி இருந்த 2020 முதல் 2022 வரையிலான காலத்தில்தான் ஆருத்ரா போன்ற நிறுவனங்கள் மாதத்துக்கே 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டின. அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. அவர்கள் எல்லோரும் வங்கி வட்டி குறைந்ததால் மட்டுமே போனார்கள் என்று நான் சொல்லவில்லை. பேராசைக்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனால் “எங்க கையில எதுவும் இல்ல” என்ற பதிலோடு ஒருவர் கிளையை விட்டு வெளியே வரும்போது, அவருக்காகக் காத்திருந்து பொறுமையாக உட்கார்ந்து பேச ஏஜென்டுக்கு நேரம் இருக்கிறது.

நம் பெரியவர் 2025 டிசம்பர் 19-ல் அதே 444 நாளுக்குப் புதுப்பித்துக்கொண்டு போயிருந்தால், அந்த ரசீது 2027 மார்ச் 8-ல் முதிரும். அது ஒரு திங்கட்கிழமை, கூட்டம் இருக்கும். அவர் மறுபடி மலையிலிருந்து இறங்கி வருவார், பிளாஸ்டிக் உறையைத் தள்ளுவார், வட்டி ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் ஏன் என்று கேட்பார். அன்றைக்குக் கவுண்டரில் இருப்பவர் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: “இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும் ஐயா?”

அன்புடன்,
உங்கள் கவுண்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்களில் ஒருவர்